உறையில் இடுமுன்

கோபத்தில் எழுதிய கடிதம் ஒன்றை நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது யாருக்கும் வந்த கடிதம் அன்று. நான் எழுதி, அனுப்பாமல் விட்ட கடிதம். தமிழாசிரியையாக வகுப்பில் நின்ற காலத்தில் இடைச்சொற்களைப் பற்றிப் பாடம் வரும்போதெல்லாம் அந்தத் தாளை நினைத்துக்கொள்வேன். இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சகோதரியவர்கள் கேட்டபோது, இதையே எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம். என் தாயார் சர்க்கரை நோயால் காலில் புண் கண்டு, தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார்கள். என் ஒரே தங்கை அப்போது மும்பையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் திருச்செந்தூரில் பள்ளிக்கூடம், மாலையில் தூத்துக்குடிக்கு பஸ், இரவெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலி, விடிந்ததும் திரும்ப பஸ் என்று பதினோரு நாளும் ஓடினேன். அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று இரவு, எல்லாரும் உறங்கிய பின், ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து எழுதினேன். அது இதுதான்:

"தங்கைக்கு,

அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ ஒரு தடவைகூட என்ன ஏது என்று கேட்கவில்லை. உனக்குத்தான் பெரிய உத்தியோகம், லீவு கிடைக்காது. எனக்கென்ன, நான் சும்மாதானே இருக்கிறேன்! பெற்ற தாய்க்கு ஒரு வாய் கஞ்சியாவது கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எப்போதும் இப்படித்தான், எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நீ ஒதுங்கிக்கொள்வாய். பரவாயில்லை, நீ நன்றாக இரு. உன் அம்மாவை நானே பார்த்துக்கொள்கிறேன்."

எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. நல்ல வேளையாக, வீட்டில் உள்நாட்டுக் கடிதத்தாள் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அதிலேயே எழுதியிருப்பேன். காசு கொடுத்து வாங்கிய தாளை வீணாக்க மனம் வராமல், மூன்று மடிப்பாக மடித்து ஒட்டி, காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே தபால் பெட்டியில் போட்டிருப்பேன். கோபக் கடிதத்தை விலையுள்ள தாளில் எழுதக்கூடாது என்பது அன்று தற்செயலாகக் கற்ற பாடம்.

மறுநாள் காலையில் அதை எடுத்துப் படித்தேன். "சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்" என்றுதான் தோன்றியது. ஒரு வசவுச் சொல்லும் அதில் இல்லை. படிப்பில்லாத ஒருத்தி தெருக்குழாயடியில் நின்று சொல்லும் வார்த்தை எதையும் நான் எழுதவில்லை. ஆகவே இது மரியாதையான கடிதம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பது மாலையில், வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது. அதுவும் என் குரலில் படிக்கும்போது தெரியவில்லை. என் தங்கை வேலை முடிந்து களைத்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடி இதைப் படிப்பதாக நினைத்து, அவள் குரலில் படித்தேன். மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை.

பெரியோரே, மாணவியரே, நம் தமிழில் கோபம் பெரிய சொற்களில் குடியிருப்பதில்லை. "தான்", "கூட", "ஆவது", "ஏ", "ஆ" என்று சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னஞ்சிறு எழுத்துகளில்தான் அது பதுங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் கோபமாக எழுதுகிறவன் பெரிய எழுத்தில் எழுதுவான், அடிக்கோடு போடுவான். நமக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. "உனக்குப் பெரிய உத்தியோகம்" என்பது ஒரு செய்தி. "உனக்குத்தான் பெரிய உத்தியோகம்" என்பது ஓர் அறை. நடுவே சேர்ந்தது "தான்" என்ற ஒரு சொட்டு. அது "எனக்கு இல்லை, உனக்கு மட்டும்" என்று பிரித்துக் காட்டுகிறது. அதோடு "என்று நீயே நினைத்துக்கொண்டிருக்கிறாய்" என்றும் சேர்த்துச் சொல்லுகிறது.

ஒரு பென்சிலை எடுத்து, இந்த வால்களை மட்டும் வட்டமிட்டேன். கடிதம் முழுவதும் அம்மை போட்டாற்போல ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கைவிரலால் மறைத்து, அது இல்லாமல் வாக்கியத்தைப் படித்தேன். இதைவிட எளிதான சோதனை எனக்குத் தெரியாது. வாலை எடுத்தபின் செய்தி மாறிவிட்டால், அந்த வால் அங்கே வேலை செய்கிறது, விட்டுவிடலாம். "நாளைக்குத்தான் தேர்வு, இன்றைக்கு அல்ல" என்பதில் உள்ள "தான்" அப்படிப்பட்டது. வாலை எடுத்தபின்னும் செய்தி அப்படியே நின்று, சூடு மட்டும் குறைந்தால், அது கோபம் ஏற்றிவிட்ட சுமை. "உனக்குத் தோன்றவே இல்லையா" என்பதில் உள்ள "வே" அந்த வகை. "கஞ்சியாவது" என்பதும் அதுவே. மற்றதெல்லாம் நீ செய்ய மாட்டாய் என்பது எனக்குத் தெரியும், குறைந்தபட்சம் கஞ்சியாவது என்று கேட்பது அது. எதிரில் இருப்பவரின் முழு வாழ்க்கையையும் ஒரு கிண்ணம் கஞ்சிக்குச் சுருக்கிவிடுகிற சொல்.

அடுத்தது "கூட". "ஒரு தடவைகூடக் கேட்கவில்லை." இங்கே சூட்டை மட்டும் பார்த்தால் போதாது; உண்மையா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு எண்ணைத்தான் தங்கைக்குக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டு அக்காவிடம் மறுநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ரெண்டு தடவை போன் வந்துச்சே! நீ ஆஸ்பத்திரியில இருந்த. வந்ததும் சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேம்மா" என்றார்கள். எனக்கு முகம் சுட்டது. நான் எழுதிய வாக்கியம் கடுமையானது மட்டும் அன்று, பொய்யும்கூட. "ஒரு தடவைகூட", "எப்போதும்", "ஒருநாளும்", "எல்லாவற்றையும்" என்ற சொற்கள் கடிதத்தில் வந்தால் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவை எண்ணிக்கைச் சொற்கள். எண்ணாமல் எழுதப்படும் எண்ணிக்கைச் சொற்கள். அதைப் படிப்பவர், "எப்போதும் அல்லவே, போன தீபாவளிக்கு வந்தேனே" என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். நாம் சொல்லவந்த நியாயமான குறை, அந்தச் சொல்லோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும்.

வினாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உனக்குத் தோன்றவே இல்லையா?" என்று கேட்டேனே, அவள் "தோன்றியது அக்கா" என்று பதில் எழுதியிருந்தால் நான் திருப்தி அடைந்திருப்பேனா? மாட்டேன். பதில் வேண்டாத கேள்வி கேள்வியே அன்று. கேள்விக்குறி போட்டுக்கொண்ட குற்றச்சாட்டு. அதை நேரான வாக்கியமாக மாற்றி எழுதிப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும். "நீ வராதது எனக்கு வருத்தம்." அவ்வளவுதான் என் உள்ளத்தில் இருந்தது. ஆனால் அப்படி எழுதினால் வருத்தப்படுகிறவள் நான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே! கேள்வியாகக் கேட்டால் அந்தக் கூச்சம் இல்லை.

இன்னும் இரண்டு சொற்கள் என்னை மிகவும் வெட்கப்படச் செய்தன. "ஆஸ்பத்திரியில் கிடந்தாள்" என்று எழுதியிருந்தேன். அம்மா கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், நர்ஸ்கள் நன்றாகக் கவனித்தார்கள். "இருந்தாள்" என்பதே உண்மை. மற்றொன்று, "உன் அம்மா". பிறந்தது முதல் எங்களுக்கு அவள் "அம்மா" மட்டுமே. வெளியாரிடம் சொன்னால் "எங்கம்மா". தங்கைக்கு எழுதும்போது "உன் அம்மா" என்று எழுத என் கைக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தலைப்பில் வழக்கமாக வரும் "அன்புள்ள" என்ற சொல்லையும் கை தானாகவே விழுங்கிவிட்டிருந்தது.

இவ்வளவும் பார்த்தபின், கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு வந்தேன். "பரவாயில்லை, நீ நன்றாக இரு. உன் அம்மாவை நானே பார்த்துக்கொள்கிறேன்." நான் அந்தக் கடிதத்தை எழுதியதே, என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, நீ வா என்று சொல்லத்தான். கடிதமோ, நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வராதே என்கிறது! என் தங்கை அதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் வரமாட்டாள். உட்பொருளை எடுத்துக்கொண்டால் அழுவாள். அப்போதும் எந்தத் தேதிக்கு வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லுக்குச் சொல் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தேடியிருக்க வேண்டும்: படிக்கிறவர் படித்து முடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேனோ, அந்த வாக்கியம் கடிதத்தில் எங்கே இருக்கிறது? என் கடிதத்தில் அது இல்லவே இல்லை.

அந்த வாக்கியம் இருக்க இடமே இல்லாத கடிதங்களும் உண்டு. அவற்றை எவ்வளவு ஆறவைத்தாலும் அனுப்பக்கூடாது. இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலை 14 அன்று ஜெனரல் மீடுக்கு எழுதிய கடிதம். அந்த மாத முதல் மூன்று நாள்களில் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் நடந்த பெரும் போரில் மீடு வெற்றி பெற்றார். தோற்ற படைத்தலைவர் லீ பின்வாங்கியபோது, பொட்டோமாக் ஆற்றில் வெள்ளம் பெருகி அவர் வழி அடைபட்டிருந்தது. மீடு உடனே பாய்ந்து தாக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும், 13ஆம் தேதி இரவு லீயின் படை ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. செய்தி கேட்ட லிங்கன் கொதித்துப்போனார். அதிபரின் அதிருப்தி தலைமைத் தளபதி ஹாலெக் மூலம் மீடுக்கு எட்ட, அவர் அன்றே பதவி விலக விரும்புவதாகத் தந்தி கொடுத்தார். அதன்பின் லிங்கன் உட்கார்ந்து எழுதியதே இக்கடிதம்.

அதைப் படித்தால் கோபக் கடிதம் என்று முதலில் தெரியாது. கெட்டிஸ்பர்க் வெற்றிக்கு மிகுந்த நன்றி என்றுதான் தொடங்குகிறது. உமக்குச் சிறிது மன வருத்தம் உண்டாக்கியதற்கும் வருந்துகிறேன் என்கிறது. அதன்பிறகு, லீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், அவரைப் பிடித்திருந்தால் போர் முடிந்திருக்கும், இனி அது எல்லையின்றி நீளும், உமது பொன்னான வாய்ப்புப் போய்விட்டது, அதனால் என் துயரம் அளவிட முடியாதது என்று போகிறது. வசவு இல்லை. ஆனால் ஏற்கனவே பதவி விலக முன்வந்த ஒரு தளபதி இதைப் படித்தால், விலகுவதைத் தவிர வேறு என்ன செய்வார்? லீயோ ஆற்றுக்கு அப்பால் போயாயிற்று. மீடு இனிச் செய்யக்கூடியது என்று கடிதம் கேட்கும் காரியம் ஒன்றுமில்லை. லிங்கன் அதை உறையிலிட்டு, மீடுக்கு எழுதியது, அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை என்ற பொருள்பட உறையின்மேல் குறித்து வைத்துவிட்டார். மீடு போர் முடியும் வரை அந்தப் படைக்குத் தலைவராகவே இருந்தார். அக்கடிதம் லிங்கனின் தாள்களோடு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் அதைக் கிழிக்கவில்லை. நானும் என்னுடையதைக் கிழிக்கவில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியைத் திறப்பவர் யாராகவும் இருக்கலாம்.

லிங்கனுக்குக் கேட்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது இருந்தும், மனம் புண்பட்டிருந்தும், ஒரு சொல் பிசகாமல் எழுதியவர் ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறார். ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908இல் சிறை சென்று செக்கிழுத்தவர். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து, தம்புச்செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். சிதம்பரனார் சந்திக்க விரும்பி எழுதினார். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்க முடியும் என்று பதில் வந்தது.

கப்பல் விட்டவருக்குச் சில நிமிடங்கள்! நம்மில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் என்ன எழுதியிருப்போம்? "என்னைச் சந்திக்கத் தங்களுக்கு நேரம்கூட இல்லையா" என்று தொடங்கியிருப்போம். சிதம்பரனார் ஆங்கிலத்தில் எழுதிய பதிலில் டிராம் வண்டியைப் பற்றி எழுதினார். இந்நாளில் தமக்குள்ள ஒரே வாகனம் டிராம்தான். அது அவ்வளவு அதிகாலையில் ஓடாது என்பதால் 6 மணிக்கு முன் வந்து சேர முடியாமல் போகலாம் என்ற பொருளில் அமைந்தது அது. இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தின் எழுவாய் காந்தியடிகள் அன்று, சிதம்பரனாரும் அன்று, டிராம் வண்டி. குற்றம் சாட்டப்பட்டவர் யாரும் அங்கே இல்லை. ஆயினும் கப்பல் கம்பெனி நடத்தியவருக்கு இன்று டிராம்தான் வாகனம் என்ற முழுச் செய்தியும் அதில் இருக்கிறது. படிக்கிறவர் உள்ளத்தில் அது தானாகவே தைக்கும். தைப்பதற்கு "தாங்கள்" என்ற சொல் தேவைப்படவில்லை.

பணத்தைப் பற்றிய கடிதப் போக்குவரத்து 1916 தொடக்கம் வரை நீண்டது. அந்தத் தொகை இன்ன வழியாக வந்தது, எனக்குத் தேவையும் இருக்கிறது என்று அவர் விடாமல், ஆனால் வழக்கு மன்றத்தில் ஆவணம் வைப்பவர்போல எழுதிக்கொண்டிருந்தார். இறுதியில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்த ஆ.இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு அத்தொகையையே பெயரில் சேர்த்திருக்கிறார். கேட்டதை அவர் கடைசிவரை குறைத்துக் கேட்கவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. தணிந்த குரல் வேறு, தணிந்த கோரிக்கை வேறு.

இதை நான் என் இரண்டாவது நகலில் குழப்பிக்கொண்டேன். முதல் நகலுக்கு வெட்கப்பட்டு, எல்லா வால்களையும் நறுக்கி, மறுநாள் இப்படி எழுதினேன்: "அம்மா இப்போது சுகம். கவலைப்பட வேண்டாம். உனக்கு லீவு கிடைத்தால், சிரமம் இல்லையென்றால், எப்போதாவது ஒரு நடை வந்து போ." கனிவான கடிதம்தான். ஆனால் இதைப் படித்தால் என் தங்கை நிம்மதியாக வேலைக்குப் போவாள். ஆறு மாதம் கழித்து நான் மறுபடியும் இரவில் உட்கார்ந்து முதல் கடிதத்தைவிடக் கடுமையாக ஒன்று எழுதுவேன். "முடிந்தால்", "சிரமம் இல்லையென்றால்", "எப்போதாவது" என்ற சொற்களும் ஒருவகை வால்களே. கோபத்தில் எழுதும்போது "தான்" ஒட்டிக்கொள்வதுபோல, கோபத்துக்கு வெட்கப்படும்போது "முடிந்தால்" ஒட்டிக்கொள்கிறது. நம் பெண்மக்கள் பலர் இரண்டாவது நகலையே வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எழுதி அனுப்பியது இது:

"அன்புள்ள தங்கைக்கு,

அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. கால் புண் ஆற இன்னும் ஒன்றரை மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லுகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்ததாகப் பக்கத்து வீட்டில் நேற்றுத்தான் சொன்னார்கள். ஆனாலும் நீ நேரில் வருவாய் என்று தினமும் எதிர்பார்த்தேன். வராதது எனக்கு மிகவும் வருத்தம். அடுத்த மாதம் நீ வந்து பதினைந்து நாள் அம்மாவுடன் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் வர முடியும் என்று உடனே எழுது.

உன் அக்கா."

இதில் "நேற்றுத்தான்" என்பதில் ஒரு "தான்" இருக்கிறது. விரலால் மறைத்துப் பாருங்கள். அது செய்திக்காக நிற்கிறது. "பதினோரு நாள்" என்பதையும், "முடியவில்லை" என்பதையும் நான் தணிக்கவில்லை. அவை நடந்தவை.

மூன்று நாள் எதற்கு, ஓர் இரவு போதாதா என்று கேட்கலாம். எனக்கு ஓர் இரவு போதவில்லை என்பதைச் சொன்னேன். ஆறிவிட்டதா என்று அறிய நான் கண்ட அடையாளம் ஒன்றுண்டு. அவர் எழுதப்போகும் பதிலை, அவர் பக்கத்து நியாயத்தோடு, மூன்று வரி நம்மால் எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் என்னால் ஒரு வரியும் எழுத முடியவில்லை. மூன்றாம் நாள், "அக்கா, புதிதாகச் சேர்ந்த இடம், ஆறு மாதம் லீவு கேட்கக்கூடாது என்றார்கள்" என்று என் கை எழுதிற்று. இது எனக்கு முன்பே தெரிந்த செய்திதான். கோபம் அதை ஒளித்து வைத்திருந்தது.

இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த அருட்சகோதரி ஒருவர், "பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று புனித பவுலடியார் எபேசியருக்கு எழுதியிருக்கிறாரே, நீங்கள் மூன்று பொழுது சாயவிட்டீர்களே!" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நல்ல கேள்வி. நான் வைத்திருந்தது தாளைத்தான், சினத்தை அன்று என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் அதை முழுவதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அதே அடியார், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தம் கடிதம் ஒன்று அவர்களை வருத்திவிட்டதே என்று சிறிது காலம் வருந்தியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கடிதம் எழுதுகிறவர்களின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று மாணவியர் தபால் பெட்டியைத் தேடுவதில்லை. அலைபேசியில் கட்டைவிரல் பட்டால் போதும், போய்விடுகிறது. பிறகு அழித்தாலும், ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற அடையாளம் அங்கேயே நிற்கும். என்னவாக இருக்கும் என்று அடுத்தவர் எண்ணுவது, எழுதியதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஆகவே கோபமாக இருக்கும்போது அவர் பெயரைத் திறந்து அதன் கீழே தட்டச்சு செய்யாதீர்கள். குறிப்பு எழுதும் பக்கத்தில் எழுதுங்கள். மின்னஞ்சல் என்றால் பெறுநர் முகவரியைக் கடைசியில் இடுங்கள். அலைபேசிச் செய்தியில் ஒரு சங்கடமும் உண்டு. அதற்கு மூன்று நாள் பொறுக்க முடியாது. பதில் வராததையே எதிரில் இருப்பவர் பதிலாக எடுத்துக்கொள்வார். "படித்தேன், நாளை மாலை எழுதுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத் தாளைத் தேடலாம். அந்த ஒரு வரியிலும் வால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். "படித்தேன்" என்பதற்கும் "படித்தேனே" என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

என் தங்கையின் பதில் ஒன்பதாம் நாள் வந்தது. லீவைப் பற்றி நான் நினைத்தபடியே எழுதியிருந்தாள். பதினைந்து நாள் கிடைக்கவில்லை, பன்னிரண்டு நாள் வந்தாள். வந்த மறுநாளே கட்டு மாற்றப் பழகிக்கொண்டு, என்னைவிட நன்றாகச் செய்தாள். அம்மா அதை என்னிடமே சொன்னார்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஊருக்குத் திரும்பும் நாளில் ரயில் நிலையத்தில் நிற்கும்போது, "எக்கா, உன் லெட்டரைப் பாத்ததும் பயந்துட்டேன், ரொம்பக் கோவமா இருப்பேன்னு நினைச்சேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நகலை அவளுக்கு இதுவரை காட்டியதில்லை. இந்த மலர் அவள் கைக்குப் போகும், படித்துக்கொள்ளட்டும்.